சாளரத்து வெளிச்சத்தில் மூன்று ஜோடிக் கண்கள்

என் சித்தி மகள் தன் அத்தை மகனையே மணந்தவள். இருவருக்கும் எங்கள் பக்கத்தில் பூனைக்கண் என்று சொல்கிற வெளிறிய கண்கள். இருவருக்கும் பொதுவான பாட்டிக்கு அப்படிப்பட்ட கண்கள் இருந்தன என்பதால், திருமணத்தின்போதே பிறக்கப்போகும் பிள்ளையின் கண்ணைப் பற்றி வீட்டில் பேசிக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. முதல் சில வாரங்களில் அதன் கண் சாம்பல் கலந்த மங்கிய நிறமாகத் தெரிந்ததால் எல்லோரும் எதிர்பார்த்தது நடந்துவிட்டதாகவே எண்ணினார்கள். ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல நிறம் அடர்ந்து, முதல் பிறந்தநாள் வந்தபோது அது நல்ல கரும்பழுப்புக் கண்ணாகிவிட்டிருந்தது.

அந்த நாளில்தான் கணவரின் தம்பி, ஒரு காகிதத்தில் நான்கு கட்டம் போட்டு, வெளிறிய கண்ணுள்ள தாய்க்கும் வெளிறிய கண்ணுள்ள தந்தைக்கும் பழுப்புக் கண் குழந்தை பிறக்க வழியில்லை என்று உறவினர் முன்னிலையில் விளக்கியிருக்கிறான். அவன் பத்தாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளியில் அந்தக் கட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். மறுநாள் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த சித்தி மகள், உட்காரக்கூட இல்லாமல், “அக்கா, நீங்க பள்ளிக்கூடத்துல இதைத்தானே சொல்லிக் கொடுக்கிய? அப்போ நான் என்ன பதில் சொல்ல?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதிவைக்க விரும்புகிறேன். அதே கட்டம் இன்னும் எத்தனையோ வகுப்பறைகளில் வரையப்படுகிறது, எத்தனையோ வீடுகளில் ஒரு பெண்ணின் மேல் ஆதாரமாகத் திருப்பப்படுகிறது.

பாடத்தில் உள்ள விதி இதுதான். கண்ணின் நிறத்தை ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. அதன் பழுப்பு வடிவம் ஓங்குதன்மை உடையது, நீல வடிவம் ஒடுங்குதன்மை உடையது. ஒவ்வொருவரிடமும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் உள்ளன. ஒரு பிரதி பழுப்பாக இருந்தாலே கண் பழுப்பாகிவிடும். ஆகவே நீலக்கண் உள்ளவரிடம் இரண்டுமே நீல வடிவமாகத்தான் இருக்க வேண்டும்; அத்தகைய இருவரின் பிள்ளைகள் அனைவரும் நீலக்கண்ணராகத்தான் பிறக்க வேண்டும். பட்டாணிச் செடியில் மெண்டல் கண்டதை மனிதனில் காட்ட இதைவிட எளிய உதாரணம் கிடைக்காது. அதனால்தான் இது பாடநூல்களில் நிலைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த விதி வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. மெண்டலின் கட்டுரை மீண்டும் கண்டெடுக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, 1907இல் அமெரிக்காவில் டேவன்போர்ட் தம்பதியரும், 1908இல் இங்கிலாந்தில் ஹர்ஸ்ட் என்பவரும், குடும்பங்களின் கண்நிறத்தைக் கேட்டும் பார்த்தும் பதிவு செய்து இந்த முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே, 1909இல், ஹோம்ஸ், லூமிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு அடிப்படையான தடையை எழுப்பினார்கள். கண்நிறம் இரண்டு பெட்டிகளில் அடங்குவதில்லை, வெளிர் நீலத்திலிருந்து கரும்பழுப்பு வரை இடைவெளியின்றி நீள்கிறது, எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பது பார்ப்பவரின் விருப்பமாகிவிடுகிறது என்றார்கள். நூறாண்டுக்கு முன்பே சொல்லப்பட்ட அந்தத் தடைதான் என் சித்தி மகளின் வழக்கையும் தீர்க்க உதவியது. ஆனால் அதற்கு முன் கண்ணில் நிறம் எப்படி உண்டாகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நீலக்கண்ணில் நீல நிறப்பொருள் எதுவும் கிடையாது. கண்மணியைச் சுற்றி நிறமாகத் தெரியும் வளையம்தான் கருவிழிப்படலம். அதன் பின்புறத்தில் அடர்ந்த கருமை படிந்த ஒரு செல் அடுக்கு உண்டு. அது நீலக்கண்ணருக்கும் கரும்பழுப்புக் கண்ணருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. அதற்கு முன்னால் நார்களும் நிறமிச் செல்களும் கலந்த ஒரு மெல்லிய முன்பகுதி இருக்கிறது. வேறுபாடெல்லாம் அங்கேதான். அங்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மெலனின் என்ற நிறமி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதே மாறுகிறது. மெலனின் நிறைய இருந்தால் உள்ளே வரும் ஒளியை அது விழுங்கிவிடுகிறது, கண் பழுப்பாகத் தெரிகிறது. மிகக் குறைவாக இருந்தால், அந்த நார்களில் பட்டுச் சிதறி வெளியே திரும்புகிற ஒளியில் நீலம் மிகுந்திருக்கிறது. தக்கலையிலிருந்து பார்க்கும்போது வேளிமலை நீலமாகத் தெரிகிறது, குமாரகோவிலைத் தாண்டி அதன் அடிவாரத்துக்கே போய் நின்றால் பச்சை மரமும் கரும்பாறையும்தான் இருக்கின்றன. இடையில் உள்ள காற்றில் சிதறும் ஒளி, பின்னால் இருண்ட மலை என்பதுதான் அங்கே நடப்பது. கண்ணிலும் அதே ஏற்பாடுதான். மெலனின் நடுத்தரமாக இருந்தால் சிதறிய நீலமும் இளம்பழுப்பும் கலந்து பச்சை, தேன்நிறம், சாம்பற்பச்சை என்று பலவாறாகத் தெரியும். எங்கள் ஊரில் பூனைக்கண் என்ற ஒரே சொல் இவை அனைத்தையும் குறிக்கிறது.

ஆகவே கேள்வி மாறிவிடுகிறது. நீல மரபணுவா பழுப்பு மரபணுவா என்று கேட்பதைவிட, இந்தச் செல்களில் எவ்வளவு மெலனின் சேர வேண்டும் என்பதை எவையெல்லாம் முடிவு செய்கின்றன என்று கேட்பதே சரி. பச்சிளம் குழந்தையின் கண் அடர்ந்துகொண்டே போவதும் இதனால்தான் புரிகிறது. பிறக்கும்போது அந்தச் செல்கள் தம் வேலையை முடித்திருப்பதில்லை. பிறந்த பின் பல மாதங்கள் மெலனின் சேர்ந்துகொண்டிருக்கும். முதல் மாதத்துக் கண்ணைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

மெலனின் சேர்வதில் மிகப் பெரிய பங்கு 15ஆம் குரோமோசோமில் உள்ள ஓ.சி.ஏ.2 என்ற மரபணுவுக்கு உண்டு. அது ஆக்கும் புரதம், மெலனின் உருவாகும் நுண்பைகளின் சுவரில் அமர்ந்து, உள்ளே அமிலத்தன்மை மிகாமல் காக்கிறது. மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி அமிலச் சூழலில் சரியாக வேலை செய்யாது என்பதால், இந்தப் புரதம் குறைந்தால் நிறமும் குறைகிறது. இதுவரை கேட்டால் பாடநூல் சொன்ன ஒற்றை மரபணு இதுதானோ என்று தோன்றும். வெகுகாலம் ஆய்வாளர்களும் இந்த மரபணுவுக்குள்ளேயே நீலக்கண்ணின் காரணத்தைத் தேடினார்கள். 2008இல் வெளியான ஆய்வுகள், காரணம் அதற்குள் இல்லை, பக்கத்து மரபணுவுக்குள் இருக்கிறது என்று காட்டின.

பக்கத்து மரபணுவின் பெயர் ஹெர்க்2. அதற்கும் கண்நிறத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் அதன் உடலுக்குள், புரதமாக மாறாத ஒரு பகுதியில், ஓ.சி.ஏ.2 மரபணுவைத் தூண்டிவிடும் ஒரு கட்டுப்பாட்டுத் துண்டு உட்கார்ந்திருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயற்காரருக்கு இதைச் சொல்வது எளிது. நம் வயலுக்குத் தண்ணீர் விடும் மடை பக்கத்துக்காரர் நிலத்தில் இருக்கிறது. அவர் பயிருக்கு அந்த மடையால் ஒன்றுமில்லை, நம் வயலோ அதை நம்பித்தான் இருக்கிறது. அந்த இடத்தில், மரபணுத் தரவுத்தளங்களில் rs12913832 என்று குறிக்கப்படும் ஒரே ஒரு எழுத்து, மக்களில் ஏ என்றோ ஜி என்றோ இருக்கிறது. ஏ இருந்தால், சுமார் 21,000 எழுத்துத் தொலைவைக் கடந்து டி.என்.ஏ. இழை வளைந்து வந்து ஓ.சி.ஏ.2இன் தொடக்கத்தைத் தொடுகிறது, மரபணு நன்றாக வேலை செய்கிறது. ஜி இருந்தால் அந்த வளைவு சரியாக அமைவதில்லை, மடை கிட்டத்தட்ட மூடியபடி கிடக்கிறது. இரண்டு குரோமோசோமிலும் ஜி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் நீலமோ மிக வெளிறியதோ ஆன கண் அமைகிறது. ஒரு ஏ இருந்தால் பெரும்பாலும் பழுப்பு.

“பெரும்பாலும்” என்ற சொல்லை நான் இங்கே வேண்டுமென்றே வைக்கிறேன். இந்த ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பள்ளி விதி ஏறக்குறைய சரியாகவே தோன்றும், ஐரோப்பியக் குடும்பங்களில் அது பலமுறை பலித்ததற்கும் இதுவே காரணம். ஆனால் மடை திறந்திருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாதே. மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நுண்பைகளின் சூழலைக் காக்கும் இன்னொரு புரதத்துக்கான எஸ்.எல்.சி.45.ஏ.2 மரபணு 5ஆம் குரோமோசோமிலும், நிறமிச் செல்களின் இயக்கத்தை ஏற்றி இறக்கும் ஐ.ஆர்.எஃப்.4 மரபணு 6ஆம் குரோமோசோமிலும் உள்ளன. இவை ஒவ்வொன்றிலும் நிறத்தைச் சற்றே குறைக்கும் வடிவங்கள் மக்களிடையே உண்டு. 2021இல் ஏறக்குறைய 1,95,000 பேரிடம் செய்த ஒரு பெரிய ஆய்வு, கண்நிறத்தோடு தொடர்புள்ள 61 மரபணுப் பகுதிகளைக் காட்டியது. அவற்றில் 50 அதற்கு முன் அறியப்படாதவை. எங்களைப் போன்ற பழுப்புக் கண்ணருக்கு அதில் ஒரு செய்தி இருந்தது. ஆசிய மக்களிடம் இளம்பழுப்புக்கும் கரும்பழுப்புக்கும் இடையிலுள்ள வேறுபாட்டையும் இதே மரபணுக்களில் பல ஆள்கின்றன. பழுப்பு என்பது ஒரு நிறமல்ல, ஒரு நீண்ட சரிவு.

இவற்றையெல்லாம் சித்தி மகளிடம் சொல்லிவிட்டு, அவள் கணவரையும் கணவரின் தம்பியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னேன். வீட்டின் கிழக்குப் பக்கச் சாளரத்தின் அருகில், வெயில் நேரே கண்ணில் படாமல் பகல் வெளிச்சம் மட்டும் பரவும் இடத்தில், ஒவ்வொருவரையும் நிறுத்திக் கைவில்லையால் பார்த்தேன். குழல்விளக்கின் கீழே பார்த்தால் நிறம் ஏமாற்றும். அதோடு இருட்டில் கண்மணி விரிந்துவிடுவதால் கருவிழிப்படலம் சுருங்கி, உள்ள நிறமும் அடர்த்தியாகத் தோன்றும்.

சித்தி மகளின் கண் சாம்பற்பச்சை. கண்மணியிலிருந்து வெளி விளிம்பு வரை ஒரே சீரான வெளிர் நிறம், நார்கள் வெண்ணூல்கள்போல் தெளிவாகத் தெரிந்தன. கணவரின் கண்ணோ, தூரத்திலிருந்து அதே பூனைக்கண்ணாகத் தெரிந்தாலும், அருகில் அப்படி இல்லை. கண்மணியைச் சுற்றி அகலமான பழுப்பு வளையம் ஒன்று இருந்தது. அதற்கு வெளியே தேன்நிறம், விளிம்பில்தான் பச்சைச் சாயல். இந்த இருவரையும் ஒரே பெட்டியில் போட்டது ஊர் வழக்குச் சொல்தான். கண்ணின் உண்மை நிலை அதுவல்ல.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். இது மரபணுப் பரிசோதனை செய்து கண்டதல்ல, கண்ணால் பார்த்ததற்குப் பொருந்தும் ஒரு விளக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாயிடம் இரண்டு பிரதியும் ஜி என்று கொள்வோம். தந்தையின் கண்ணில் பழுப்பு வளையம் இருப்பதால் அவரிடம் ஒரு ஏ இருக்கிறது, மற்றது ஜி என்று கொள்வோம். ஒரு ஏ இருந்தும் அவர் கண் தேன்நிறமாக வெளிறியதற்கு, வேறு இரண்டு மரபணுக்களில் நிறத்தைக் குறைக்கும் வடிவத்தின் ஒவ்வொரு பிரதி அவரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை வேறு வேறு குரோமோசோம்களில் இருப்பதால் தனித்தனியே பிரிந்து பிள்ளைக்குச் செல்லும். பிள்ளைக்குத் தந்தையின் ஏ கிடைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. முதல் குறைப்பான் கிடைக்காமல் போகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, இரண்டாவது கிடைக்காமல் போவதும் அவ்வாறே. தாயிடம் அந்தக் குறைப்பான்கள் இல்லையென்றால், மூன்றையும் பெருக்கினால் எட்டில் ஒன்று. திறந்த மடையை மட்டும் பெற்று, தந்தையின் நிறத்தைத் தணித்தவற்றில் எதையும் பெறாத குழந்தை, பெற்றோர் இருவரையும்விட அடர்ந்த கண்ணோடு பிறக்கும். எட்டில் ஒன்று என்பது அதிசயமில்லை. மூன்று நாணயத்தைச் சுண்டினால் மூன்றும் தலையாக விழும் அளவுக்கே அரிது, அவ்வளவுதான்.

இதே கேள்விக்கு இன்னொரு விளக்கமும் சொல்லப்படுவதுண்டு. ஒரு பெற்றோரிடம் மடை பழுது, மற்றவரிடம் மடை சரி ஆனால் ஓ.சி.ஏ.2 மரபணுவே பழுது, இருவரின் நல்ல பாதிகளும் குழந்தையிடம் சேர்ந்து பழுப்பாகிவிடுகின்றன என்பது அது. கேட்க அழகாக இருக்கிறது. நானும் முதலில் இதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் இது நிற்காது. மடை தன் வரப்பிலுள்ள வயலுக்கு மட்டுமே தண்ணீர் விடும். அந்தக் கட்டுப்பாட்டுத் துண்டு தான் இருக்கும் அதே குரோமோசோமில் உள்ள ஓ.சி.ஏ.2ஐத்தான் தூண்டுகிறது, இணைக் குரோமோசோமில் உள்ளதைத் தூண்டுவதில்லை. குழந்தைக்கு ஒரு பக்கத்தில் திறந்த மடையும் பழுதான மரபணுவும், மறுபக்கத்தில் மூடிய மடையும் நல்ல மரபணுவும் கிடைத்தால், இரண்டு பக்கமும் பயன் இல்லை. இரண்டும் இவ்வளவு அருகில் இருப்பதால், நடுவே அறுந்து மாறிச் சேர்வதும் மிக அரிது. அதனால்தான் வேறு குரோமோசோம்களில் உள்ள குறைப்பான்களைக் கொண்ட விளக்கத்தை நான் தேர்ந்தெடுத்தேன்.

பாட்டியிடமிருந்து வந்த பூனைக்கண் எங்கிருந்து வந்தது என்பதற்கும் எங்கள் பக்கத்தில் ஆயத்தமான ஒரு பதில் உண்டு. 1741இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மா டச்சுக்காரரை வென்றார். பிடிபட்ட டச்சுப் படையினரில் ஒருவரான டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். ஆகவே கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் எங்காவது வெளிறிய கண் தெரிந்தால் டச்சு ரத்தம் என்று சொல்லிவிடுவார்கள். சொல்பவர்கள் பெருமையாகச் சொன்னாலும், அதன் அடியில் ஒரு மூதாட்டியின் மேல் போடும் பழி இருக்கிறது. அந்த ஜி எழுத்து மிகப் பழமையானது. ஸ்பெயினில் கிடைத்த, சுமார் 7,000 ஆண்டுக்கு முந்திய ஒரு வேட்டைக்காரரின் பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில், கருத்த தோலுக்கான வடிவங்களோடு நீலக்கண்ணுக்கான வடிவமும் இருந்ததை 2014இல் கண்டார்கள். இந்தியத் துணைக்கண்டத்திலும் அது ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. வடமேற்கில் கூடுதலாகவும் தெற்கே வரவரக் குறைவாகவும் பரவியிருக்கிறது. ஒரு பிரதி மட்டும் உள்ளவரின் கண் பெரும்பாலும் பழுப்பாகவே இருப்பதால் தலைமுறை தலைமுறையாக அது வெளியே தெரியாமல் நடந்துவரும்.

தெரியாமல் நடந்துவந்த அது ஏன் சில குடும்பங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது என்பதற்கு, நம் முறைக் கல்யாணத்தில் விடை உண்டு. கணக்குக்காக, ஓர் ஊரில் 100 பிரதிகளில் 5 ஜி என்று வைத்துக்கொள்வோம். உறவில்லாதவர்கள் மணந்தால், இரண்டு ஜி சேரும் குழந்தைகள் 10,000க்கு 25. பெற்றோர் அத்தை மகன், மாமன் மகளாக இருந்தால், ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரு வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று கூடுதலாகச் சேர்வதால், அந்த 25 ஏறக்குறைய 55 ஆகிறது. தாய்மாமனையே மணந்தால் ஏறக்குறைய 84. ஒரு கோட்டைக்குள் கிடக்கும் டச்சுத் தளபதியைத் தேடிப் போகாமலே, குடும்பத்துக்குள்ளேயே விளக்கம் கிடைத்துவிடுகிறது. சித்தி மகளின் ஒரு ஜி அவள் அப்பா வழிப் பாட்டியிடமிருந்து வந்திருக்க வேண்டும். மற்றொன்று என் சித்தியிடமிருந்து, அதாவது எங்கள் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் நினைவு தெரிந்த நாளிலிருந்து எல்லோருக்கும் கரிய கண்தான்.

சாளரத்தருகே நின்றபடியே கணவரின் தம்பி, “அப்போ டி.என்.ஏ. பாத்துக் கண்நிறத்தைச் சொல்ல முடியாதா, டீச்சர்?” என்று கேட்டான். ஓரளவு முடியும். தடயவியலுக்காக 2011இல் நெதர்லாந்தில் உருவாக்கிய ஐரிஸ்பிளெக்ஸ் என்ற முறை, ஆறு இடங்களை மட்டும் படித்து, நீலமா பழுப்பா என்பதை ஐரோப்பியரிடம் 100க்கு 90க்கு மேல் சரியாகச் சொல்கிறது. ஆனால் நடுவிலுள்ள பச்சையிலும் தேன்நிறத்திலும் அது தடுமாறுகிறது. எங்கள் பூனைக்கண்ணில் பெரும்பகுதி அந்த நடுவில்தான் விழுகிறது. மரபணுவைப் படித்தே நிறத்தைச் சொல்லத் தடுமாறும் இடத்தில், நிறத்தைப் பார்த்து மரபணுவைச் சொல்வதும், அதிலிருந்து தந்தை யார் என்று சொல்வதும் எவ்வாறு இயலும்? தந்தைமையை நிறுவும் பரிசோதனை கண்நிற மரபணுக்களைத் தொடுவதே இல்லை. டி.என்.ஏ.வில் சிறு தொடர்கள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்பதைச் சுமார் இருபது இடங்களில் எண்ணி ஒப்பிடுவது அது. அத்தகைய ஒன்றை யாரும் கேட்கவும் தேவையில்லை என்று அவனிடம் உறுதியாகச் சொன்னேன். காகிதத்தை வரைந்தவனே அதே உறவினர் முன்னிலையில் அது தவறு என்று சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு வளைகாப்பில் அவன் சொன்னான்.

நானும் கரும்பலகையில் அந்தக் கட்டத்தை வரைவதை நிறுத்திவிட்டேன். ஓங்குதன்மையைக் காட்டப் பட்டாணியின் நெட்டை குட்டையே போதும். கண்நிறத்தை, பல மரபணுக்கள் சேர்ந்து ஒரு பண்பைத் தீர்மானிக்கும் பாடத்தில் வைத்துச் சொல்கிறேன். அப்போது பிள்ளைகளை இருவர் இருவராகச் சாளரத்தருகே அனுப்பி, ஒருவர் கண்ணை மற்றவர் பார்த்து வரையச் சொல்வேன். எல்லோருக்கும் பழுப்புதான் என்று தொடங்குகிறவர்கள், கால்மணி நேரத்தில் வளையங்களையும் புள்ளிகளையும் வரைந்து கொண்டுவருகிறார்கள்.

சித்தி மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். இந்தக் குழந்தைக்கு என்ன கண் வரும் என்று அவள் மாமியார் போன வாரம் கேட்டார். மேலே சொன்ன விளக்கம் சரியானால், தந்தையின் ஜி கிடைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, அப்போது தாயின் சாம்பற்பச்சைக்கு அருகில் வரலாம்; ஏ கிடைத்தால், தந்தையைப்போல் தேன்நிறமாகவோ அக்காவைப்போல் கரும்பழுப்பாகவோ வரலாம்; எதுவானாலும் ஒரு வயது முடியட்டும், அப்புறம் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.